ஒன்றரையில் வெட்டிய கோடு

நானும் அவளும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்ததால் நான் பெரிசு, அவள் சின்னது. விட்டுக்கொடுப்பது பெரிசின் வேலை, பாராட்டு வாங்குவது சின்னதின் வேலை. அவள் பென்சில் சீவினாலும் அப்பாவுக்கு அழகுதான். எனக்கு வயிறு எரியும்.

கணக்குப் போட்டிக்கு வகுப்பிலிருந்து ஒருவர்தான் போக முடியும். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். கணக்கு டீச்சர் ஆளுக்கொரு வரைபடத்தாள் கொடுத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: 2x + y = 5, 2x − y = 1.

"ரெண்டு கோடும் வரைஞ்சு, எங்க வெட்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்க. சரியா செய்யறவங்க போட்டிக்குப் போறாங்க."

கோடு போடுவதில் அவளை மிஞ்ச முடியாது. மனக்கணக்கில் என்னை மிஞ்ச முடியாது. அதனால் விடையை முதலில் கண்டுபிடித்துவிட்டு, கோடுகளை அதன் வழியே இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டையும் கூட்டினால் y அடிபட்டுப்போகும். 4x = 4. ஆக x ஒன்று, y மூன்று. முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன், ஐந்து வந்தது. அதுவே போதுமென்று இரண்டு கோடுகளையும் அந்தப் புள்ளி வழியாக இழுத்தேன்.

பக்கத்தில் சின்னது இன்னும் அட்டவணைதான் போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு மூன்று புள்ளி வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து வரைந்தாள். அவள் கோடுகள் x அச்சில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நட்டநடுவுக்கு நேர்மேலே வெட்டின. விடை இப்படி அரையும் குறையுமாகவா வரும்? எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏய் பெரிசு, உனக்கு எங்க வெட்டுது?" என்று கிசுகிசுத்தாள்.

நான் தாளைக் கையால் மூடிக்கொண்டேன். கெட்டுப்போகட்டும்.

டீச்சர் முதலில் அவள் தாளைப் பார்த்தார். "x ஒன்றரை, y ரெண்டு. முதல்ல போட்டா அஞ்சு, ரெண்டாவதுல போட்டா ஒண்ணு. சரி." பிறகு என் தாளை எடுத்தார். "உன் புள்ளியை ரெண்டாவது சமன்பாட்டுல போடு பாப்போம்."

இரண்டிலிருந்து மூன்று போனால் மைனஸ் ஒன்று. ஒன்று வர வேண்டிய இடம்.

"இடதுபக்கம் கூட்டிட்டு வலதுபக்கம் கழிச்சிருக்க. அஞ்சும் ஒண்ணும் ஆறு இல்லையா? ரெண்டாவது கோட்டுக்கு அட்டவணை போட்டிருந்தா, புள்ளியே காட்டிக்கொடுத்திருக்கும்."

வீட்டுக்குப் போகும் வழியில் சின்னது என் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நல்லவேளை நீ காட்டலக்கா. உன் புள்ளியைப் பார்த்திருந்தா என் கோட்டை அழிச்சிட்டு உன்னோடதையே போட்டிருப்பேன். கணக்குல நீ சொன்னா எனக்கு மறுபேச்சு ஏது?"

மனதார நன்றி வேறு சொன்னாள். காட்டித் தொலைத்திருக்கலாம்.