யார் பேரில் கரண்ட்

கல்யாணமாகி இது எங்களுக்கு ஆறாவது வாடகை வீடு. ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டுவது நான், பிரிப்பது நான். என் கணவர் புது வீட்டுக்குள் வந்து நின்று, "காத்து நல்லா வருதே" என்பார். அதுதான் அவருடைய பங்கு.

இந்த முறை வீடு மாறும் தேதியை நான்தான் முடிவு செய்தேன். அவர் அடுத்த மாதம் போகலாம் என்றார். நான் இந்த மாதமே என்று ஒற்றைக் காலில் நின்றேன். காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் நான் நர்ஸ். பாப்பா பிறந்தபின் வேலையை விட்டேன். பதிவை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். இந்த மாதக் கடைசிக்குள் மறுபடி புதுப்பிக்க வேண்டும், தவறினால் பரீட்சை எழுதித்தான் திரும்ப உள்ளே நுழைய முடியும். நர்ஸிங் கவுன்சிலில் இந்த வருஷம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு என் சொந்தப் பேரில் ஒரு சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், கேஸ் பில், தண்ணீர் பில், இவற்றில் ஏதாவது ஒன்று.

அன்றைக்கு பீரோவைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் கட்டிலில் பரப்பினேன். பத்து வருஷக் குடித்தனத்தில் என் பேரில் இருந்தது ஒரு துணிக்கடையின் தள்ளுபடி அட்டை மட்டும்தான். மற்றதெல்லாம் அவர் பேர். பில் கட்டுவது நான், கரண்ட் போனால் போன் போடுவது நான், பேர் மட்டும் அவருடையது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காகிதத்தை எல்லாம் திரும்ப அடுக்கினேன்.

புது வீட்டில் தண்ணீர் ஓனர் பேரில். கேஸ் என் கணவர் பேரில் பழைய கணக்கு. ஒப்பந்தத்திலும் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது கரண்ட்தான். மின்சார ஆபீஸில் விசாரித்தேன். பழைய வீட்டுக் கணக்கை மூடிவிட்டு, புது வீட்டில் என் பேரில் புதுக் கணக்கு ஆரம்பிக்கலாம், ஓனரின் சம்மதக் கடிதம் இருந்தால் போதும் என்றார்கள். கனெக்‌ஷன் கொடுத்த அன்றே உறுதிக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை கவுன்சிலும் ஏற்றுக்கொள்ளும்.

ஓனரம்மா நல்ல மனுஷி. "யார் பேர்ல போட்டா எனக்கென்னம்மா, வீட்ட சுத்தமா வெச்சிக்கிட்டா சரி" என்று சொல்லிக்கொண்டே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே மின்சார ஆபீஸில் என் பேரில் விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன்.

"ஏங்க, கரண்ட மட்டும் என் பேர்ல போடறேன். கவுன்சிலுக்கு வேணும்."

"அதுக்கென்ன, போட்டுக்கோ" என்றார். கண் டிவியில் இருந்தது.

"பழைய கணக்க மூடிட்டு புதுசா ஆரம்பிக்கணும். ட்ரான்ஸ்ஃபர் குடுக்கக் கூடாது. குடுத்தா உங்க பேர்லயே அங்க வந்துடும்."

"சரிம்மா, சரி. எத்தன தடவ சொல்லுவ?"

ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். அதோடு விட்டேன்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். வீடு மாறுவதில் எது எப்போது என்று எனக்கு மனப்பாடம்தான், ஆனாலும் எழுதாவிட்டால் தூக்கம் வராது. முந்தின நாள் பிரிட்ஜைக் காலி செய்து ஐஸ் கரைய விட வேண்டும். கட்டிலைக் கழற்றினால் அதன் திருகாணிகளை ஒரு பையில் போட்டு, கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஒரு மாதம் தரையில்தான் படுக்கை. பெட்டிக்கு மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கவாட்டில் எழுத வேண்டும். பழைய வீட்டு மீட்டரையும் புது வீட்டு மீட்டரையும் போட்டோ எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய வீட்டுக் கரண்ட் நாம் கிளம்பின மறுநாள்தான் நிற்க வேண்டும். பெருக்கித் துடைத்து சாவி கொடுக்க வெளிச்சம் வேண்டுமே. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

வீடு மாறும் நாள் காலையில் வாஷிங் மெஷினில் கடைசித் துணி ஓடிக்கொண்டிருந்தது. நான் சமையலறையில் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். மெஷின் நின்றது. மின்விசிறியும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தால், மாடிப்படி விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது. எங்கள் வீடு மட்டும்தான் இருட்டு.

போனை எடுத்தேன். மின்சார ஆபீஸிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. பழைய வீட்டுக் கணக்கு புது முகவரிக்கு மாற்றப்பட்டதால் பழைய இணைப்பு இன்று நிறுத்தப்பட்டது, உங்கள் புதுக் கணக்கு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று.

என் கணவர் வாசலில் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ஓ, அதுவா" என்றார். "நேத்து நீ மூட்ட கட்டிட்டு இருந்தியா, பாவமா இருந்துச்சு. ஒண்ணாவது நாம பண்ணுவோமேன்னு ஆன்லைன்ல ட்ரான்ஸ்ஃபர் குடுத்துட்டேன். ரெண்டே நிமிஷம். லிஸ்ட்ல கூட டிக் அடிச்சேன், பாக்கலயா?"

போய்ப் பார்த்தேன். நான் கோடு போட்டிருந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக். பத்து வருஷத்தில் அவர் செய்த ஒரே வீட்டு வேலை, அதுவும் என் தலையில் மண் அள்ளிப் போட்ட வேலை.

"நான் சொன்னேன்ல, ட்ரான்ஸ்ஃபர் வேண்டாம்னு."

"புதுசா போட்டா திரும்ப டெபாசிட் கட்டணும், அலையணும். எதுக்கு வெட்டி வேல? அந்தப் பதிவெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்."

அந்த 'மெதுவா'வில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் மறந்துவிட்டுச் செய்யவில்லை. நான் வேலைக்குப் போனால் பாப்பாவை யார் பார்ப்பது, ராத்திரி ட்யூட்டி வந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்காத மனுஷன், கேட்காமலே பதிலையும் சொல்லி முடித்துவிட்டார்.

லாரியில் சோபா ஏறிக்கொண்டிருந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"இந்த ட்ரான்ஸ்ஃபர கேன்சல் பண்ணணும்."

"கணக்கு வெச்சிருக்கவர் நீங்களா மேடம்?"

"அவரோட வொய்ஃப்."

"சாரி மேடம், அவர்தான் சொல்லணும்."

"அவரோட பிறந்த தேதி சொல்றேன், கணக்கு நம்பர் சொல்றேன், போன மாசம் எவ்வளவு கட்டினோம்னு சொல்றேன். இத்தன வருஷமா நான்தான் கட்டறேன்."

"புரியுது மேடம். ஆனா அவர் ஒரு வார்த்த சொன்னா போதும். இன்னிக்குள்ள சொன்னா கேன்சல் ஆகிடும். கனெக்‌ஷன் குடுத்த பிறகுன்னா, பழைய வீட்டு ஃபைனல் பில் வந்து, அதக் கட்டி, அப்புறம்தான் பேர் மாத்த முடியும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

ஒரு வார்த்தை. நான் எழுந்து போய் போனை அவரிடம் கொடுத்தேன். "கேன்சல்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். என் குரல் கெஞ்சியது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"ஆமா, நான்தான். இல்ல, ஒண்ணும் பிரச்சன இல்ல. எல்லாம் சரியா இருக்கு. சாயந்தரம் கனெக்‌ஷன் குடுத்துடுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப கேன்சல் பண்ணா ரெண்டு வீட்லயும் இருட்டு. பாப்பா இருக்கா இல்ல? அடுத்த வீட்டுக்குப் போகும்போது உன் பேர்ல போட்டுக்கலாம்" என்றார்.

பேசினால் தெருவே கூடிவிடும். மெஷினைத் திறந்து நனைந்த துணியைப் பிழிந்து, ஒரு பக்கெட்டில் திணித்து, லாரியில் ஏற்றினேன்.

புது வீட்டில் சாமான்களை இறக்கிவிட்டு, பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்க அவர் திரும்பிப் போனார். நானும் பாப்பாவும் பெட்டிகளுக்கு நடுவே இருந்தோம். சாயங்காலம் மின்சார ஆபீஸிலிருந்து லைன்மேன் வந்தார். முன்பு குடியிருந்தவர்கள் போனபோது மீட்டருக்கு வைத்த சீலை உடைக்க வேண்டும், ரீடிங் எடுக்க வேண்டும், ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. கையில் தாளை வைத்துக்கொண்டு என் கணவர் பேரைப் படித்தார்.

"சார் இல்லையா?"

"வெளிய போயிருக்கார்."

"பரவால்லமா. நீங்களே அவருக்காகன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுடுங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான்."

பேனாவை நீட்டினார். கை நீட்டி வாங்கிக்கூட விட்டேன். அவருக்காக, அவருக்காக என்று எத்தனை தாளில் எழுதியிருக்கிறேன். பேனாவை லைன்மேனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நான் போட முடியாதுங்க. கணக்கு என் பேர்ல இல்ல. காலைல உங்க ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க, நான் எதையும் சொல்ல முடியாதுன்னு."

"அது போன்லமா. இங்க யாரும் கேக்கப் போறதில்ல. கையெழுத்து இல்லன்னா நான் போயிடுவேன், அப்புறம் நாளைக்குத்தான்."

"போயிட்டு வாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படியிறங்கினார். பாப்பா என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா வேண்டாம்னு சொன்ன?" என்றாள். போன் டார்ச் வெளிச்சத்தில் அவளுக்கு பிரெட்டில் ஜாம் தடவிக் கொடுத்தேன். பிள்ளையை இருட்டில் உட்கார வைத்தது எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

என் கணவர் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பெட்டியில் இடித்துக்கொண்டு, சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்.

"ஆள் வரலயா?"

"வந்தார். உங்க கையெழுத்து வேணுமாம்."

"நீ போட்டிருக்கலாம்ல?"

"நான் யாருங்க போடறதுக்கு?"

அந்த ராத்திரி மூன்று பேரும் தரையில் படுத்தோம். அவர் புரண்டுகொண்டே இருந்தார். எனக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது.

மறுநாள் அவர் ஆபீஸுக்கு லீவு போட்டு லைன்மேனுக்காக வீட்டில் காத்திருந்தார். நான் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக நர்ஸிங் கவுன்சிலுக்குப் போனேன். மாதக் கடைசிக்குள் இனி நடக்காது என்று தெரியும். மறுபடி உள்ளே வரும் பரீட்சைக்காவது விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் போனேன். வரிசையில் நின்று என் முறை வந்ததும் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள், பிறகு கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"வீட்டு முகவரிக்குச் சான்று கொண்டு வந்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டாள். "உங்க பேர்ல இருக்கணும்."