அழைப்பவர் தெரிந்தவரானால்

புதிதாக எட்டுப் பேர் வேலைக்கு வருகிறார்கள், அவர்களுக்கான பயிற்சிக் கைநூலை நீங்களே எழுதுங்கள் என்று ஸப்ராஸ் நானா சொன்னபோது எனக்குப் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் எங்கள் மேற்பார்வையாளர்; மூத்த ஆண்களை நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்போம். புத்தளம் நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, பார்சல் விநியோகிக்கும் கொழும்புக் கம்பெனி ஒன்றின் தமிழ் அழைப்புகளை எடுப்பவர்கள் நாங்கள். ‘என்னுடைய பார்சல் எங்கே’ என்று நாடு முழுவதிலுமிருந்து கேட்பார்கள். ஏழு வருடமாக அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. இந்த மபாஸாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஸப்ராஸ் நானா நினைத்தார். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது என்பதுதான் என் பயமே.

முதல் பிரதியைக் கொழும்புப் பயிற்சி அதிகாரி சிவப்புக் கோடுகளோடு திருப்பி அனுப்பினார். ‘பணியாளர் இரகசியத்தின் முக்கியத்துவத்தை உணர்வார்’ என்று நான் எழுதியிருந்தேன். உணர்ந்தாரா இல்லையா என்று எப்படி அளப்பீர்கள், கண்ணால் பார்க்கக்கூடிய செயலை எழுதுங்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தார். எரிச்சல் வந்தது, ஆனால் மனுஷன் சொன்னது சரி. உட்கார்ந்து எல்லா நோக்கங்களையும் மாற்றினேன். வணக்கம் சொல்லி இருபது விநாடிக்குள் தேவையைக் கேட்டறிவார். முறைப்பாட்டைச் சரியான பிரிவில் பதிவார். ஒவ்வொன்றுக்கும் கீழே, பத்துப் பயிற்சி அழைப்புகளில் எட்டில் சரியாகச் செய்தால் தேர்ச்சி என்று போட்டேன்.

நான்காம் பாடத்துக்கு ‘அழைப்பவர் தெரிந்தவரானால்’ என்று தலைப்பு வைத்தேன். அதன் நோக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பெயர், பதிவான போன் இலக்கம், பார்சல் இலக்கம் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், அழைப்பவர் எவராக இருந்தாலும், முகவரியையோ பொருளையோ சொல்லாமல் மரியாதையாக அழைப்பை முடிப்பார். பத்தில் பத்து. மற்றதெல்லாம் எட்டு, இது மட்டும் ஏன் பத்து என்று ஸப்ராஸ் நானா கேட்டார். ஒன்று பிழைத்தால் போதும் நானா என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தது போல இருந்தது.

பயிற்சி போதாது என்றும் சொன்னார். பிழையாகப் போன அழைப்பு ஒன்றை அப்படியே எழுதிக் கொடுங்கள், எந்த இடத்தில் பிழைத்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், கற்பனை செய்து எழுதினால் சப்பென்று இருக்கும் என்றார். கதிரையில் உட்கார்ந்தேன். கை தானாக எழுதியது. மூன்று வருடமாக நான் மனதுக்குள் ஆயிரம் தடவை கேட்ட அழைப்பு அது.

அன்று பேசியவன், தான் பள்ளிவாசல்துறை லாபிரின் மகன் என்றான். லாபிர் நானாவை எனக்குத் தெரியும், மீனுக்கு ஐஸ் போடுகிறவர், என் வாப்பாவுக்கும் ஐஸ் கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் ஒருவர் யார் என்று அறிய அடையாள அட்டையா கேட்பார்கள்? யாருடைய மகன், எந்த வீடு என்றுதான் கேட்போம். நானும் அதையே கேட்டேன், சிரித்துச் சிரித்துக் கதைத்தேன். தங்கச்சிக்கு ஒரு பார்சல் வருகிறதாம், அவள் போன் பழுதாம், எப்போது வரும் என்று பார்க்க வேண்டுமாம். அவன் சொன்ன இலக்கம் ஒத்துப்போகவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் அவன் சொன்ன பெயரைப் போட்டுத் தேடினேன். ஓம் நானா, பிள்ளையின் சப்பாத்துத்தானே, நாளைக்கு வரும் என்றேன். முகவரியை நாங்கள் வாசிக்கக் கூடாது. அழைப்பவர் சொல்ல வேண்டும், நாங்கள் திரையில் ஒத்துப் பார்க்க வேண்டும். நான் வாசித்தேன். எத்தாளை, பள்ளிக்குப் பின்னால், பச்சைக் கேட்.

இரண்டு நாளில் பார்சல் திரும்பி வந்தது. கொண்டுபோன பையன் சொன்னான், கதவு உடைந்து கிடந்ததாம், வீட்டாரெல்லாம் ஆஸ்பத்திரியில் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், புருஷன்காரன் வந்து அடித்தானாம். தங்கச்சி என்று சொன்னவன் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாதத்துக்கு ஐந்து அழைப்பைத்தான் ஸப்ராஸ் நானா எடுத்துக் கேட்டுப் புள்ளி போடுவார். என் அந்த அழைப்பு அதில் அகப்படவில்லை. தொண்ணூறு நாளில் பதிவும் அழிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவே பயம் மறுபக்கம்.

கைநூலில் லாபிரை ஜௌபர் ஆக்கினேன். எத்தாளையை வேறு ஊர் ஆக்கினேன். மற்றதை அப்படியே விட்டேன்.

பயிற்சி தொடங்கி நான்காம் நாள் அந்தப் பாடம் வந்தது. இரண்டிரண்டு பேராக முதுகுக்கு முதுகு கதிரை போட்டு உட்கார வைத்தேன், போனில் முகம் தெரியாதே. ஒருவர் அழைப்பவரின் அட்டையை வாசிக்க வேண்டும், மற்றவர் எழுதியிருக்கிற பதிலை வாசிக்க வேண்டும், பார்ப்பவர்கள் பட்டியலில் சரி, பிழை அடையாளமிட வேண்டும். ஷஸ்னா என்ற பிள்ளை ஜௌபர் மகனின் அட்டையை எடுத்தாள். நன்றாகவே நடித்தாள், மற்றவர்கள் சிரித்தார்கள். பதில் சொன்னவள் ஹிதாயா. வண்ணாத்திவில்லுவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வகுப்பில் அதிகம் பேசாதவள், எழுதிய பரீட்சைகளில் எல்லாம் முதலாவதாக வந்தவள்.

‘ஓம் நானா, பிள்ளையின் சப்பாத்துத்தானே’ என்ற வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு நின்றாள். பக்கம் மாறிவிட்டதாக்கும் என்று ஷஸ்னா திரும்பிப் பார்த்தாள். ஹிதாயா தாளின் மேல்பகுதிக்குப் போய் மறுபடியும் மெல்ல வாசித்தாள், ஐஸ் போடுகிறவரின் மகன் என்ற இடத்தில் விரலை வைத்தாள். அவளுடைய இடது கை முழுவதாக நிமிராது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பார்சலில் இருந்த பெயரும் ஹிதாயாதான்; எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஹிதாயா இருப்பதால் அதுவரை நான் யோசிக்கவேயில்லை.

"இது நடந்த கதையா மிஸ்?" என்றாள்.

கற்பனைதான் என்றேன். எவ்வளவு இலகுவாக வாயில் வந்தது அந்தப் பொய். அவள் தலையாட்டினாள். மிச்சத்தை வாசித்து முடித்தாள். பிழைகளைப் பட்டியலிடச் சொன்னபோது எல்லோரையும் விட அதிகம் கண்டுபிடித்தவளும் அவள்தான். இலக்கம் ஒத்துப்போகாதபோது நிறுத்தவில்லை, பொருளைச் சொன்னார், முகவரியை வாசித்தார் என்று ஒன்றொன்றாகச் சொன்னாள். நான் பலகையில் எழுதினேன்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் மேசைக்கு முன் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் கூட நல்லது என்று தோன்றியது. அவள் தணிந்த குரலில், அந்தச் சப்பாத்தைப் பற்றித் தன் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று தொடங்கினாள். ராத்தா அக்கீலா அப்போதுதான் குடிமாறிப் போன, புருஷனுக்குத் தெரியாத வீட்டில்தான் அவனுக்குப் பயந்து பிள்ளையோடு ஒளிந்திருந்தாளாம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுப் போக வேண்டும் என்று ராத்தாவின் போனில் பார்த்து ஓடர் போட்டதாம்.

"அவன் கதவ ஒடச்சிட்டு வந்து முதல்ல கேட்டது என்ன தெரியுமா? சப்பாத்து வந்திட்டா எண்டுதான். பார்சல் கைக்கு வரவே இல்ல மிஸ். ராத்தா தவிர வேற ஆருக்கும் தெரியா. அவதான் சொல்லிட்டா எண்டு நெனச்சன்."

ஆஸ்பத்திரியில் ராத்தா கட்டிலருகே வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். கைக்குக் கட்டுப் போட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டாளாம். மூன்று வருடமாக ராத்தாவோடு ஒரு வார்த்தை இல்லை. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்தபோதும் போகவில்லை, ராத்தா அங்கே இருப்பாள் என்பதற்காக.

இப்போது நான் வாயை மூடியிருந்தால் தப்பிவிடலாம். எங்கோ கேள்விப்பட்ட கதை என்று சொன்னால் போதும். பதிவு இல்லை, சாட்சி இல்லை. கைநூலின் முன்பக்கத்தில் என் பெயர் அச்சாகி இருந்தது, அதைப் பார்த்தேன். வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன், பொய் சொல்லவில்லை, அதையும்தான் யோசித்தேன். ஆனால் செய்யாத பிழைக்கு ஒரு மனுஷி மூன்று வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறாள், அந்தப் பிழைக்குச் சொந்தக்காரி இங்கே உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறாள்.

"நான்தான் அந்தப் போன் கோல எடுத்த. நான்தான் அட்ரஸ வாசிச்ச" என்றேன்.

மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஸப்ராஸ் நானாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அது உங்கட பாடு. என்ட ராத்தாட்டச் சொல்லுங்க. நான் சொன்னா, நான் சமாதானத்துக்குக் கட்டின கதை எண்டு நெனப்பா. நீங்க சொல்லுங்க."

தன் போனிலிருந்து எடுக்க மாட்டேன் என்றாள், ராத்தாவின் போனிலிருந்து அவள் இலக்கம் புருஷன் கையில் கிடைத்துவிடுமாம். என் போனை நீட்டினேன். ராத்தாவின் இலக்கம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. சத்தமாகக் கேட்கும்படி வைத்து என் கையில் தந்துவிட்டு மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரோடு பேசியிருக்கிறேன், அந்த மணி அடித்தபோது சொல்ல வேண்டிய முதல் வரி எனக்கு மறந்துபோனது.

மறுமுனையில் ஒரு பெண் குரல் ஸலாம் சொல்லி, யார் என்று கேட்டது. நான் என் பெயரைச் சொன்னேன், பார்சல் கம்பெனி ஒன்றுக்கு அழைப்பு எடுப்பவள் என்று மட்டும் சொன்னேன். நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன், ஒன்றையும் குறைக்கவில்லை. உங்கள் தங்கச்சி உங்களைத்தான் பிழையாக நினைத்திருந்தாள், பிழை என்னுடையது, இப்போது அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று முடித்தேன். ஏசப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவள் எங்க இரிக்கிறாள் எண்டு மட்டும் எனக்குச் சொல்லிராதீங்க" என்றாள் அக்கீலா. "அவன் இன்னும் மாசத்துக்கு ஒருக்கா அவளத் தேடி இங்க வாறான். என்னப் புள்ளைகள்ட முன்னால வச்சி அடிக்கிறான். இவ்வளவு நாளும் தெரியா தெரியா எண்டு சொன்னது உண்மையாத்தான் இரிந்திச்சி. தெரிஞ்சிட்டா, என்னால மறைக்க ஏலாமப் போயிரும்."

ஹிதாயா போனை என் கையிலிருந்து பிடுங்கி இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.