பெட்டி நிறைந்துவிட்டது

"டேய், உங்க அத்தான் குரல் போயிடுச்சு."

அத்தான் போய் ஏழு மாதமாகியிருந்தது. ஆனால் அக்கா பதறியதில், அன்று காலைதான் போனார் என்று தோன்றியது.

வீட்டில் எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவாள். நான் தொட்ட பிறகு உருப்படியாக வேறொருவரைக் கூப்பிடுவாள்.

அத்தானின் ஃபோன் அலமாரியில் அணைந்தே கிடந்தது. எண் செத்துவிடாமல் அக்கா ரீசார்ஜ் மட்டும் செய்துவந்தாள். அணைந்த ஃபோனுக்கு அழைத்தால் அழைப்பு நேராகக் குரல் அஞ்சலுக்குப் போகும், அங்கே அத்தான் பேசுவார்: "நான்தான். ஃபோனை எங்கேயோ வெச்சுட்டேன். யாருன்னு சொல்லுங்க, தேடி எடுத்துக் கூப்பிடுறேன்." ஒரு மாதமாகத் தினமும் அதைக் கேட்டுவந்தாள். இன்று அவருக்குப் பதிலாக ஒரு இயந்திரப் பெண், பெட்டி நிறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

"பீப் சத்தத்துக்கு முன்னாடி கட் பண்ணுவியாக்கா?"

"எதுக்குக் கட் பண்ணணும்?"

புரிந்தது. பீப்புக்குப் பிறகு இணைப்பில் இருந்தால் எல்லாம் பதிவாகும். முப்பது செய்திகளுக்குத்தான் இடம்.

"அத்தான் குரல் பத்திரமா இருக்குக்கா. ஃபோன் கம்பெனி கம்ப்யூட்டர்ல. கொஞ்சம் இடம் பண்ணணும், அவ்வளவுதான்."

ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றி, அஞ்சல் பெட்டியின் எண்ணை அதிலிருந்தே அழைத்தேன். சொந்த சிம் என்பதால் கடவுச்சொல் கேட்கவில்லை. "நீங்கள் கேட்காத புதிய செய்திகள் முப்பது" என்றது, அத்தானிடம் சொல்வதுபோல. அழிக்க ஏழை அழுத்தச் சொன்னது.

"கேக்காம அழிக்காதடா" என்றாள் அக்கா. "யாராவது ஒருத்தர் கேக்கட்டும்."

முதல் பத்தில் பேச்சே இல்லை. மூச்சு, நாற்காலி நகரும் சத்தம். ஏழு. ஏழு. பதினொன்றாவதில் பேசத் தொடங்கியிருந்தாள். "பாத்ரூம் பல்பு போயிடுச்சு. தம்பி வந்து மாட்டினான். இப்ப சுவிட்சும் போயிடுச்சு."

சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். ஏழு.

இருபத்தி நாலாவது: "தம்பி கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்றேன். பாவம், அவன் பயந்துடுவான். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன... முடியலைங்க."

சிரிக்க ஆளில்லை. என் விரல் ஏழின் மேலேயே நின்றது. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அழுத்துடா."

முப்பதும் அழிந்ததும் ஃபோனை அணைத்தேன். என் ஃபோனிலிருந்து அழைத்தபோது அத்தான் பேசினார். அதை அவள் ஃபோனில் பதிவு செய்து நீட்டினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

"இனிமே அழைக்கவே வேணாம்கா. எப்ப வேணா கேளு."

ஒருமுறை கேட்டாள். "இதுல பீப் வரலையே."

"அது எதுக்கு?"

அத்தானின் எண்ணை அழுத்தினாள். அத்தான், தேடி எடுத்துக் கூப்பிடுவதாகச் சொன்னார். பீப் வந்தது. அக்கா ஃபோனைக் காதில் வைத்தபடி, நான் போவதற்காகக் காத்திருந்தாள்.

அடுக்களைக்குப் போய், அவள் பேசுவது காதில் விழாதபடி குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். அந்தத் தண்ணீர்ச் சத்தமும் பதிவாகியிருக்கும். பெட்டி மறுபடி நிறையும்போது நான்தான் கேட்க வேண்டும்.