இரண்டும் ஐந்தும்

போன செமஸ்டரில் இந்த டிஜிட்டல் லேபில்தான் ஊத்திக்கொண்டேன். சரவணம்பட்டிக் கம்பெனி தந்த வேலைக் கடிதத்தில் ‘ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது’ என்று கறுப்பெழுத்தில் போட்டிருந்தது. இன்றைய பரீட்சையிலும் போனால் வேலையும் போச்சு.

எனக்கு வந்த கேள்வி: 0, 1, 3, 7, 6, 4, மறுபடி 0 என்று எண்ணும் சிங்க்ரோனஸ் கவுண்டர், ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்பில். சைபரையோ ஒன்றையோ நினைவில் வைத்திருக்கும் ஃபிளிப்-ஃபிளாப் மூன்று, ஆளுக்கொரு விளக்கு: சி எரிந்தால் நான்கு, நடுவில் பி இரண்டு, ஏ ஒன்று, கூட்டினால் எண். மூன்றுக்கும் ஒரே கிளாக், ஒவ்வொரு பல்ஸுக்கும் அடுத்த எண். எந்த நிலையிலிருந்து எந்த நிலை என்று அட்டவணை போட்டேன். பக்கத்திலேயே, அதற்கு ஜே, கே என்ற இரண்டு உள்ளீட்டிலும் என்ன தர வேண்டும் என்ற எக்சைட்டேஷன் கட்டங்கள். சைபரிலிருந்து ஒன்றுக்கு ஏற ஜே ஒன்றாக வேண்டும், கே எதுவானாலும் சரி. ஒன்றிலிருந்து சைபருக்கு இறங்க கே ஒன்று, ஜே எதுவானாலும் சரி. எதுவானாலும் சரி என்ற இடத்தில் எக்ஸ். வரிசையிலேயே வராத இரண்டுக்கும் ஐந்துக்கும் யோசிக்காமல் எல்லாக் கட்டத்திலும் எக்ஸ் போட்டேன். வராத விருந்தாளிக்கு எதற்கு இலை?

விடை அத்தனை அழகாக வந்தது. ஒரு லாஜிக் கேட்கூட வேண்டாம், வெறும் வயர் போதும். சாமான் சீட்டில் ‘7476 ஃபிளிப்-ஃபிளாப் ஐசி - இரண்டு, கேட் - இல்லை’ என்று எழுதி, லேப் அசிஸ்டெண்ட் கோமளா அக்காவிடம் கெத்தாக நீட்டினேன். பிறகு ஏதாவது கேட்டால் எக்ஸாமினர் கையெழுத்து வேண்டும், ஐந்து மார்க்கும் போகும். அது எங்கள் லேபின் சட்டம்.

வயரிங் முடித்து, எல்லாவற்றையும் சைபராக்கும் கிளியரைக் கொடுத்தேன். மூன்று விளக்கும் அணைந்தன. பல்ஸ் பட்டனை அழுத்த அழுத்த, கேட்டபடியே ஓடியது. ஹப்பாடா! எக்ஸாமினர் இரண்டு மேசை தள்ளி இருந்தார்.

அப்போது பார்த்து கரண்ட் போனது. ஒரு நொடிதான், வந்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் ஃபிளிப்-ஃபிளாப் எந்த நிலையிலும் விழிக்கலாம்; என் பலகையில் நடு விளக்கு மட்டும் எரிந்தது. இரண்டு. பல்ஸ் கொடுத்தேன். ஓரத்து இரண்டும் எரிந்தன. ஐந்து. இன்னொரு பல்ஸ். இரண்டு. மறுபடி ஐந்து. சனியன், வெளியே வரவே மாட்டேன் என்கிறது!

கிளியரைத் தொட்டேன். சமர்த்தாக ஓடியது. யாரும் பார்க்கவில்லை. கரண்ட் மறுபடி போகாவிட்டால் தப்பித்தேன். போனால்? எப்போதும் கிளியர் கொடுத்தே ஆரம்பித்துப் பழகிய கழுதை நான். அதில்லாமல் ஓட்டியே பார்த்ததில்லை.

அட்டவணைக்கு ஓடினேன். இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போ என்று நானே எழுதிவிட்டால்? சி சைபராகவே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு எக்ஸ் சைபராகும். சி-யின் ஜேவுக்கு வெறும் பி வந்த இடத்தில் ஏயும் பியும் சேர்ந்து வர வேண்டும். ஐந்து இரண்டுக்கு வரும், இரண்டு ஒன்றுக்கு வரும். இரண்டும் ஒன்றானால் மட்டும் ஒன்று தரும் ஆண்ட் கேட், ஒரே ஒன்று போதும்.

“அக்கா, ஆண்ட் கேட்டுக்கு ஒரு 7408 ஐசி குடுங்க.”

“ஏன் அம்மணி, அவுட்புட்தான் வந்துபோடுச்சே? வந்ததுல கைய வெக்காதே.”

“வந்துச்சுங்க்கா. ஆனா தப்புங்க.”

எக்ஸாமினர் சீனிவாசலு வேறு காலேஜ்காரர். முகத்தில் ஒன்றும் தெரியாது. சீட்டில் ‘கேட் - இல்லை’யை அடித்து ‘ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “அஞ்சு மார்க் போகுதுங்க,” என்றார். அவசரத்தில் ஐசியின் ஒரு கால் வளைந்துவிட்டது. பல்லைக் கடித்து நிமிர்த்திச் செருகினேன்.

வயரை மாற்றி முடித்ததும் எக்ஸாமினர் வந்து நின்றார். “கிளியர் இல்லாம ஓட்டுங்க.”

சப்ளையை அணைத்துப் போட்டேன். 000. மறுபடி. 000. ஐந்து தடவை! வேண்டாதபோது வந்து மானத்தை வாங்கிய இரண்டு, வேண்டும்போது வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பியை வலுக்கட்டாயமாக ஒன்றாக்கும் பிரிசெட் வயரை ஐந்து வோல்ட்டிலிருந்து பிடுங்கி ஒரு கணம் கிரவுண்டில் தொட்டேன். நடு விளக்கு எரிந்தது. இரண்டு. வயரைப் பழைய இடத்தில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு பல்ஸ் கொடுத்தேன்.

திறந்தால் ஏ விளக்கு. ஒன்று. அடுத்து மூன்று, ஏழு, ஆறு, நான்கு. அழுகையே வந்துவிட்டது.

சீனிவாசலு சார் மார்க் போட்டார். நூற்றுக்கு எழுபத்தொன்று. பேனாவை மூடாமலே கேட்டார்.

“கரண்ட் போகாம இருந்திருந்தா?”

பொய் சொல்லத் தெம்பில்லை.

“அந்த அவுட்புட்டுக்கே மார்க் வாங்கிட்டு ஊட்டுக்குப் போயிருப்பனுங்க சார்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். போன கையோடு அங்கே சப்ளையை அணைத்துப் போட்டார்.