அப்பா வெளியே போயிருக்கிறார்

சுகிர்தாவின் கட்டுரை இரண்டாவது முறையும் திரும்பி வந்தது. முதல் முறை வந்தபோது கல்பனா மேம் அடியில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘கதையைச் சொல்கிறாய், விளக்கம் இல்லை.’ அதைப் படித்த சுகிர்தா, நீளம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மூன்று பக்கத்தை ஐந்து பக்கமாக்கிக் கொடுத்திருந்தாள். இப்போது அதுவும் கையில் இருந்தது. பி.ஏ. தமிழ் கடைசி வருடம். கவிதைத் தாளில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றாயிற்று. இந்த முறையும் போனால் பட்டம் இல்லை. ஒரகடத்துக் கம்பெனி பஸ் தினமும் அவள் ஊர் மாகறல் வழியாகத்தான் போகிறது, வேலைக்கு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நின்றபடி கவிதையை மறுபடியும் படித்தாள். ஆறே வரி. மேம் வகுப்பில் எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தது.

மழை நின்றது.
அம்மா இன்னும் பாத்திரங்களை எடுக்கவில்லை.
ஒழுகாத இடத்திலும் ஒரு சொம்பு,
அப்பா படுத்திருந்த இடம் அது.
சொம்பு நிறையவில்லை.
அவள் அதை மாற்றி வைக்கிறாள்.

கட்டுரையின் பின்பக்கம் முழுவதும் இந்தத் தடவை மேமின் கையெழுத்து.

‘சுகிர்தா, கவிதையில் நடப்பதை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். கவனமாகப் படித்திருக்கிறாய் என்று தெரிகிறது. ஆனால் கவிதையைப் படித்தவருக்கு உன் கட்டுரையிலிருந்து புதிதாக ஒன்றும் கிடைக்காது. என்ன நடக்கிறது என்பதோடு நிற்காதே. ஏன் இந்தச் சொல்லில், ஏன் இந்த வரிசையில் என்று கேள்.

ஒரு வரியை நான் செய்து காட்டுகிறேன். “மழை நின்ற பிறகும் அம்மா பாத்திரங்களை எடுக்கவில்லை” என்று எழுதியிருக்கிறாய். இது கவிதையின் வரியேதான். அதிலிருந்து இப்படி நகரலாம்: “முதல் வரியிலேயே மழை முடிந்துவிடுகிறது. ஆனால் ‘இன்னும்’ என்ற சொல் அம்மாவை மட்டும் மழைக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. வெளியே ஓய்ந்தது அவளுக்கு ஓயவில்லை.” ஒரு சொல்லைப் பிடித்தேன், அது என்ன செய்கிறது என்று சொன்னேன். அந்த ‘இன்னும்’ இல்லாமல் வரியைப் படித்துப் பார், எது போய்விடுகிறது என்று தெரியும்.

மூன்றாவது வரியிலிருந்து நீ செய். ஒழுகாத இடத்தில் சொம்பு எதற்கு? “நின்றது” என்று தொடங்கிய கவிதை “வைக்கிறாள்” என்று முடிகிறதே, ஏன்?

நான்காம் பக்கத்தில் “அப்பா வெளியே போயிருக்கிறார்” என்று எழுதியிருக்கிறாய். ஐந்து பக்கத்தில் நீயாகச் சொன்னது இது ஒன்றுதான். ஆனால் கவிதையின் எந்தச் சொல் அதற்கு இடம் கொடுக்கிறது? விளக்கம் உன்னுடையதாக இருக்கலாம், சான்று கவிதையில் இருக்க வேண்டும். “படுத்திருந்த” என்பதை மறுபடி பார். புதன்கிழமை கொடு.’

சுகிர்தாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா வெளியே போயிருந்தால் இந்த மேமுக்கு என்ன நஷ்டம்? பஸ்ஸில் உட்கார்ந்ததும் தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

அவள் அப்பா ஐசக் கரும்பு வெட்டுகிறவர். வெயிலில் நின்று நின்று சிறுநீரகம் கெட்டதா, வலி மாத்திரை தின்று தின்று கெட்டதா, யாருக்கும் தெரியாது. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அதற்கும் உடம்பு இப்போது ஒத்துழைக்கவில்லை. நடுவில் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது, பாதியில் நிறுத்துகிறார்கள். ஊரில் யார் விசாரித்தாலும் சுகிர்தா ஒரே பதில்தான் வைத்திருந்தாள். நைனா நல்லா கீறாரு, செக்கப்புக்குப் போயிருக்காரு.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு அவளும் போனாள். அப்பாவை உள்ளே கொண்டுபோனதும் டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மா பிரிஸ்கில்லா திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க நைனாவுக்கு இனிமே இது தாங்காதாம்,” என்றாள். “வூட்டுக்கு இட்டுக்கினு போயிடலாம்னு கீறேன். அதுக்கும் அதான் ஆசை.”

 வேறு மருந்து இருக்கும், சென்னைக்குக் கொண்டுபோகலாம், யாரையாவது கேட்கலாம் என்று சுகிர்தாவின் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு சுவர். அழுகையும் வரவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள்.

‘படுத்திருந்த’ என்பதை மறுபடி பார்.

பார்த்தாள். படுக்கிற இடம் என்று இல்லை. படுத்திருக்கிற இடம் என்று இல்லை. ‘அப்பா வெளியே போயிருக்கிறார்’ என்று தான் ஏன் எழுதினோம் என்பது அப்போது அவளுக்கே தெரிந்தது. முதல் தடவை படித்தபோதே புரிந்திருந்தது. புரிந்ததும் அந்த அப்பாவை எழுப்பி, செருப்பு மாட்டி, வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறாள்.

“இன்னா எழுதிக்கினு கீற?” என்றாள் அம்மா.

“காலேஜுது,” என்றாள்.

மடியில் பையை வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்தது.

‘அந்த இடம் ஒழுகாது என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொம்பை வைத்திருக்கிறாள். “அப்பா படுத்திருந்த இடம்” என்பதில் அந்தப் படுக்கை முடிந்துபோயிருக்கிறது. அப்பா இறந்துவிட்டார் என்று கவிதை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவர் இருந்த இடத்தைக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. சொம்பு தண்ணீருக்காக வைக்கப்பட்டதில்லை. அவர் மேல் சொட்டு விழாமல் பார்த்துக்கொண்ட கை இன்னும் பழக்கத்தை விடவில்லை. “நிறையவில்லை” என்பதில் வியப்பு இல்லை. அது நிறையாது என்று தெரிந்தும் மாற்றி வைப்பதுதான் தாங்க முடியாதது. மழைக்கு “நின்றது” என்று முடிவு உண்டு. அம்மாவுக்கு “வைக்கிறாள்”தான். அவள் வைத்துக்கொண்டே இருப்பாள்.’

ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. புதன்கிழமை கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் வீட்டிலேயே ஐசக் போய்விட்டார்.

செய்யாற்றங்கரைப் பக்கத்துக் கல்லறையில் அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, கூடப் படிக்கும் மலர்க்கொடியோடு கல்பனா மேம் வந்திருப்பதை சுகிர்தா கவனித்தாள்.  மேம் பக்கத்தில் வந்து நின்றார். சுகிர்தா, அப்பா போனதிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்ததைச் சொல்லிவிட்டாள்.

“நான் எழுதுனதாலதான் மேம் நைனா செத்துச்சு. வெளில போயிருக்காருன்னே வுட்டிருக்கலாம்.”

 மேமின் முகம் மாறிப்போனதை மலர்க்கொடியும் பார்த்தாள். அந்த வரியைச் சுழித்துக் கேள்வி கேட்டது தன் கைதான் என்று அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

“உங்க வீட்டு நெலம எனக்குத் தெரியாதும்மா,” என்றார் கடைசியில். “தெரிஞ்சிருந்தா வேற கவிதை கொடுத்திருப்பேன். ஆனா ஒண்ணு. நீ எழுதுனது அந்தக் கவிதையில இருந்தது. இல்லாத எதையும் நீ எழுதல. நீ எழுதுன சாவு அந்தக் கவிதைக்குள்ள மட்டும்தான் நடந்துச்சு.”

சுகிர்தா அதை நம்பினாளா என்று சொல்ல முடியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

இருபதுக்குப் பதினான்கு போட்டிருந்தார் மேம். ‘“பழக்கத்தை விடாத கை” நல்ல இடம், ஆனால் அவசரமாகக் கடந்துவிட்டாய், இன்னும் ஒரு பத்தி எழுதலாம்’ என்று ஓரத்தில் இருந்தது. மலர்க்கொடி கொண்டுவந்து கொடுத்த அன்று சுகிர்தா அதைப் படித்து, படித்ததை அம்மாவிடமும் சொன்னாள். பிரிஸ்கில்லாவுக்குக் கவிதை பற்றி ஒன்றும் விளங்கவில்லை. பாஸா என்று மட்டும் கேட்டாள். பாஸ்தான் என்றாள் மகள்.

அடுத்த வாரம் சுகிர்தா கம்பெனியில் சேர்ந்தாள். பகல் இரண்டு மணி ஷிப்ட். காலையில் இரண்டு வகுப்பு முடித்துவிட்டு ஓட வேண்டும். செமஸ்டர் வரைக்கும் இப்படியே சமாளிக்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், புள்ளலூர்க்காரி, உங்கப்பா இன்னா வேலை பண்றாரு என்று கேட்டாள்.

“கரும்பு வெட்டிக்கினு இருந்தாரு,” என்றாள் சுகிர்தா. “செத்துட்டாரு.”