களத்தில் 'சரி' கிடையாது

கல்குவாரிகளை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் கெட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பிரிண்டர் மக்கர் பண்ணும் நாட்களில் காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் ஒரு நல்ல வார்த்தைக்கு அங்கே தடை இருந்தது. "சரி" என்ற வார்த்தைக்கு.

தடை போட்டவள் நாத்தனார். யாருக்கு நாத்தனார் என்றால், அந்த அலுவலகத்தில் ட்ரோன் ஓட்டும் அண்ணிக்கு. அண்ணனின் மனைவியும் அண்ணனின் தங்கையும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் இரண்டு மாதம்கூடத் தாங்காது என்று முதலாளி முதலில் தயங்கினார். மூன்று வருடம் தாங்கியது. அண்ணி ரிமோட்டைப் பிடிப்பாள், நாத்தனார் இறக்கை வைத்த அந்தக் குட்டி ட்ரோன் விமானத்தைக் கையால் வீசுவாள். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்து கோப்பை வாங்கிய தோள் அது. வீடும் அடுத்தடுத்த வீடுதான். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் அண்ணி வீட்டில்.

ஏழு வாரத்துக்கு முன்னால் எல்லாம் கெட்டது. வீசத் தயாரானபோது அண்ணி, "மோட்டாரை ஏத்தட்டுமா?" என்று கேட்டாள். பிடி சரியாக அமையாமல் விமானத்தின் வயிற்றில் கையை நகர்த்திக்கொண்டிருந்த நாத்தனார், "சரி சரி" என்றாள். கேட்கிறது, கொஞ்சம் பொறு என்ற அர்த்தத்தில் அவள் சொன்னாள். ஏற்று என்று இவள் எடுத்துக்கொண்டாள். அந்த விமானத்துக்கு ப்ரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருக்கும், பிடிக்கும் கைக்கு ஒரு சாண் தூரத்தில். இரண்டு விரலில் ஒன்பது தையல்.

விரல் ஆறிவிட்டது. மனசுதான் ஆறவில்லை. மருத்துவமனை வாசலில், பயத்தில் புத்தி கெட்டு, "நீதானே சரின்னு சொன்னே" என்று அண்ணி சொல்லிவிட்டாள். சொன்ன அந்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? அன்றிலிருந்து நாத்தனார் சாப்பிட வருவதில்லை. பேச்சு உண்டு, வேலைக்கு வேண்டிய அளவுக்கு, எண்ணி எண்ணி. நடுவில் மாட்டிய அண்ணன்காரன் இரண்டு வீட்டுக்கும் குழம்புக் கிண்ணம் தூக்கியே மெலிந்துபோனான்.

அன்று கையிலிருந்து நழுவி விழுந்து நொறுங்கிய பழைய விமானத்துக்குப் பதிலாகப் புதியது வந்தது. நுரைப்பலகை உடம்பு, ஒன்றரை மீட்டர் இறக்கை. வேறு ஆளைக் கொண்டுவந்து வீசச் சொல்லலாமா என்று முதலாளி கேட்டார். நானே வீசுகிறேன் என்றாள் நாத்தனார், ஆனால் மூன்று நிபந்தனை. ப்ரொப்பெல்லர் கடைசி நிமிஷம் வரை என் சட்டைப்பையில் இருக்கும். எப்போது வீசுவது என்பதை எண்ணிச் சொல்வது நான். மூன்றாவது, களத்தில் யாரும் "சரி" சொல்லக்கூடாது. கண்ணால் என்ன பார்க்கிறோமோ அதை வாயால் சொல்ல வேண்டும்.

அண்ணி அதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். "சரி" சொல்ல முடியாதே.

முதல் பறத்தலுக்கு முந்தின நாள் மாலை அலுவலக மேஜையில் அவள் தனியாக உட்கார்ந்து புதியதைத் தயார் செய்தாள். சர்வோ எனும் குட்டி மோட்டார்களை நடுநிலையில் நிறுத்திவிட்டு, அவற்றால் இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசையும் மடல்கள் இறக்கையோடு ஒரே மட்டமாக நிற்கும்வரை இரண்டையும் இணைக்கும் கம்பிகளின் முனையைத் திருகித் திருகி நீளத்தைச் சரிசெய்தாள். ரிமோட்டின் டிரிம் பொத்தானைத் தொடவே இல்லை. அது வானத்தில் கடைசி நேரச் சின்னத் திருத்தத்துக்கு வைத்திருக்கும் கைக்காசு, தரையிலேயே செலவழிக்கக் கூடாது. பிறகு ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். மடல்கள் நேர்மாறாக அசைந்தன. மணி ஆறாகிவிட்டிருந்தது. ரிமோட்டின் மெனுவில் ஒரு திசையை மாற்றினாள். குச்சி சொன்னபடி மடல் கேட்டது. லைட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை குவாரிக்குப் பக்கத்துப் புல்வெளியில் வண்டி நின்றது. முட்டியளவு புல். காற்று மேற்கிலிருந்து மெதுவாக. நாத்தனாரின் சட்டைப்பையில் ப்ரொப்பெல்லர் துருத்திக்கொண்டிருந்தது. வலது கையில் தடித்த கையுறை. அண்ணியின் கண் அந்தக் கையுறையையே சுற்றியது. இந்த விரல்களுக்கு இன்றைக்கு இன்னொரு கீறல் விழுந்தாலும் இந்தப் பெண் என் முகத்தில் ஜென்மத்துக்கும் விழிக்க மாட்டாள், விழிக்கவும் வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

எடைச் சமன் பார்க்க, இறக்கைக்கடியில் குறித்த இடத்தில் இரண்டு பக்கமும் விரல் நுனி வைத்துத் தூக்கினார்கள். வால் தாழ்ந்தது. பேட்டரியை அரை அங்குலம் முன்னால் தள்ளியதும் மட்டமாக நின்றது.

அடுத்தது காற்றுவேகம் பார்க்கும் பிட்டோ குழாய், இறக்கையின் முன்னோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பேனா ரீஃபில் அளவு குழாய். அதன்மேல் அண்ணி தொளதொளப்பான துணி உறையை மாட்டி, வண்டியின் மறைவில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். காற்றே இல்லாத நிலை எது என்று அது முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அப்போது காற்றுப் பட்டால் அதையே பூஜ்யம் என்று நம்பிவிடும், அப்புறம் வானத்தில் சொல்வதெல்லாம் பொய்.

"திரையில ஒண்ணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஆடுது" என்றாள் மடிக்கணினியைப் பார்த்த அண்ணி. உறையைக் கழற்றி நாத்தனார் மெல்ல ஊதினாள். "பத்து. பதிமூணு. நிறுத்திட்டே, இறங்குது." இருந்தாலும் முதல் பறத்தலில் அந்தக் கருவி சொல்வதைக் குறித்துக்கொள்வது மட்டும்தான், அதை நம்பி விமானம் ஓடாது என்று அண்ணி அமைத்திருந்தாள். புதுசாக வந்தவர் பேச்சைக் கேட்டுக்கொள்ளலாம், உடனே சாவியைக் கொடுக்க முடியாது.

பிறகு விமானத்தைத் தன்னைத்தானே சமன்செய்யும் முறைக்கு மாற்றினாள். குச்சியை யாரும் தொடாதபோது விமானம் சாய்ந்தால், தானே நிமிர்த்திக்கொள்ளத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நாத்தனார் இரண்டு கையாலும் பிடித்து மூக்கைக் கீழே சாய்த்தாள். அண்ணி பின்னால் நின்று பார்த்தாள்.

"மூக்கு கீழே. வால் மடல் மேலே போகுது." மூக்கைத் தூக்கும் திசை. நல்லது.

நாத்தனார் வலது இறக்கையைத் தாழ்த்தினாள். மடல்கள் சட்டென்று துடிப்பாக அசைந்தன. எத்தனை தடவை பார்த்த காட்சி. அசைந்தது, வேலை செய்கிறது, அவ்வளவுதான். அண்ணியின் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. உதடுகூடப் பிரிந்தது. தடை நினைவுக்கு வர, வேண்டாவெறுப்பாகப் பார்த்ததைச் சொன்னாள்.

"வலது இறக்கை தாழ்ந்திருக்கு. வலது மடல் மேலே போ..."

அத்தோடு வாய் நின்றுவிட்டது.

தாழ்ந்த இறக்கையின் மடல் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் காற்று அந்த இறக்கையைத் தூக்கும். இது மேலே போகிறது. சாய்ந்த பக்கமே இன்னும் சாய்க்கும். வீசிய ஒரு நொடியில், நாத்தனாரின் தலைக்குப் பக்கத்திலேயே, விமானம் புரண்டு ப்ரொப்பெல்லரோடு திரும்பியிருக்கும்.

நேற்று மாலை செய்தது கண்முன் வந்தது. மாற்ற வேண்டியது விமானத்துக்குள் சர்வோவின் திசையை. அவள் ரிமோட்டின் திசையை மாற்றினாள். குச்சிக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. விமானத்தின் சொந்த மூளை தலைகீழாகவே இருந்தது.

நாத்தனார் விமானத்தை இறக்காமல் காத்திருந்தாள். காரணம் கேட்கவில்லை. சர்வோ இப்படித்தான் வந்தது என்று சொல்லிக் கடந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணிக்கு அந்தப் பொய் வாய்க்குள்ளேயே கசந்தது.

"நான்தான் தப்பா மாத்திட்டேன்" என்றாள். "நேத்து அவசரத்துல, விமானத்துல மாத்த வேண்டியதை ரிமோட்ல மாத்திட்டேன். என் தப்பு." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கும் என் தப்புதான். பதில் புரியாம மோட்டாரை ஏத்தினது நான். ஏழு வாரமா இதைச் சொல்ல வாய் வரலை" என்றாள்.

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு, "முதல்ல இதை மாத்துங்க அண்ணி. கை வலிக்குது" என்றாள்.

அண்ணி ரிமோட்டைப் பழையபடி ஆக்கினாள். மடிக்கணினியில் இரண்டு இறக்கைச் சர்வோக்களையும் திசை மாற்றினாள். மறுபடி குச்சி, மறுபடி சாய்ப்பு. "வலது இறக்கை தாழ்ந்திருக்கு. வலது மடல் கீழே. இடது மடல் மேலே." இடப்பக்கமும் பார்த்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்தபின் நாத்தனார் சட்டைப்பையிலிருந்து ப்ரொப்பெல்லரை எடுத்துத் தன் கையாலேயே மாட்டித் திருகினாள். மறுபடி உறை, மறுபடி மின்சாரம், மறுபடி ஊதல்.

"ஆர்ம் பண்ணிட்டேன், மோட்டார் பூட்டு திறந்தாச்சு. மோட்டார் சுத்தலை. என் ரெண்டு கையும் குச்சியை விட்டு வெளியே இருக்கு" என்று அண்ணி கைகளைத் தூக்கிக் காட்டினாள். இனி வீசிய வேகத்தை விமானமே உணர்ந்து, அரை நொடி கழித்து, கையை விட்டு விலகியபிறகுதான் மோட்டார் சுற்றும். அப்படித்தான் அமைத்திருந்தாள்.

"வயித்துக்கடியில பிடிச்சிருக்கேன். பின்னால விரல் இல்லை. இறக்கை மட்டம். எதிர்க்காத்து" என்றாள் நாத்தனார். "மூணு. ரெண்டு. ஒண்ணு."

இரண்டு எட்டு ஓடி, மூக்கைத் துளி மட்டும் தூக்கி, நேராக விட்டாள். விமானம் சத்தமில்லாமல் நழுவியது. அந்த அரை நொடி அண்ணிக்கு அரை வருடம். பிறகு மோட்டார் சீறியது, இறக்கை ஒரு தடவை லேசாகச் சாய்ந்து தானே நிமிர்ந்தது, புல்லுக்குமேல் ஏறிக்கொண்டே போனது. அண்ணி விமானத்தைப் பார்க்கவில்லை. வீசிய கையைத்தான் பார்த்தாள். ஐந்து விரலும் விரிந்து காற்றில் நின்றன.

"நான் என் விரலை எண்ணிக்கிறேன், நீங்க விமானத்தைப் பாருங்க" என்றாள் நாத்தனார்.

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உயரம் வந்ததும் தானே ஓட்டிப் பார்த்தாள். மூக்கு கொஞ்சம் மேலே போகப் பார்த்தது, டிரிம் பொத்தானில் மூன்று தட்டு தட்டியதும் அடங்கியது. பிறகு வட்டமாகச் சுற்றவிட்டாள். முழு வட்டத்தில் எதிர்க்காற்றும் பின்காற்றும் கழிந்துபோகும். பிட்டோ குழாய் நொடிக்குப் பதினைந்து மீட்டர் என்றது, ஜிபிஎஸ் சராசரி பதினேழு என்றது. கொஞ்சம் குறைத்துச் சொல்கிற ஆள், திருத்திவிடலாம். கால் மணி நேரம் கழித்து விமானம் வயிறு தேய்த்துப் புல்லில் படுத்தது. வால் கம்பியை அரைச் சுற்றுத் திருகி ரிமோட்டின் மூன்று தட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருந்தது.

விமானத்தைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். நாத்தனார் கையுறையைக் கழற்றி விரல்களை மடக்கி நீட்டினாள். இரண்டு தழும்பும் வெயிலில் வெளுத்துத் தெரிந்தன. அண்ணி வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே நின்று, கடைசியில் கேட்டுவிட்டாள்.

"ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வர்றியா?"

"சரி" என்றாள் நாத்தனார்.

அண்ணி சாவியை உருட்டுவதை நிறுத்தினாள். இந்தச் சொல்லை அவள் இனிமேல் சும்மா நம்பத் தயாராக இல்லை. "சரின்னா?"

நாத்தனார் பெட்டியின் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சரின்னா, எட்டு மணிக்கு வரேன், எனக்கும் தட்டு எடுத்து வைங்கன்னு அர்த்தம் அண்ணி."