ஏழாம் படுக்கை

காலை பதினோரு மணிக்கு, சோதனை டேட்டாபேஸ் என்று நினைத்து, மருத்துவமனையின் நிஜ டேட்டாபேஸில் ‘படுக்கைகள்’ டேபிளை அழித்துவிட்டேன். எந்தப் படுக்கையில் யார் என்பது அதில்தான் இருந்தது; வார்டு வராண்டாவின் மின்பலகையும் அதிலிருந்துதான் பெயர்களைக் காட்டும்.

“ராத்திரி ரெண்டு மணி பேக்கப் இருக்குல்ல? அப்படியே மேல ஏத்திடு” என்றார் மேலாளர்.

“ஏத்தினா காலையில பதிஞ்ச ரத்தப் பரிசோதனை எல்லாம் போயிடும் சார். தலைவலிக்குத் தலையையே வெட்டின கதைதான்.”

தனியாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்கினேன். பேக்கப்பிலிருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் அதில் இறக்கி, வரிசைகளை எண்ணிப் பார்த்து, அங்கிருந்து நிஜ டேட்டாபேஸுக்கு நகலெடுத்தேன். வேறெதையும் தொடவில்லை. இரண்டு மணிக்குப் பின் நடந்த மாற்றங்களை, வார்டின் காகிதப் பதிவேட்டைப் பார்த்துக் கையால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நகலெடுக்கும் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தார்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? வராண்டா போர்டுல ஏழாம் படுக்கைக்கு நேரே அங்க இருந்தவர் பேர் திரும்ப வந்திருக்கு. விடியக்காலை நாலு மணிக்கே இறந்து போயிட்டாரு. நான்தான் பேரை எடுத்தேன்.”

“இதோ எடுத்துடறேன்க்கா.”

“சீக்கிரம். அவர் சம்சாரம் போர்டு முன்னாடியே நிக்கிறாங்க. ‘உள்ள போய்ப் பார்க்கலாமா’ன்னு கேக்கறாங்க.”

அந்த ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் இரவுக் குறிப்பில் ‘மூச்சு சீராக உள்ளது’ என்றிருந்தது. அழித்தேன். நான் இரண்டாம் முறையாக அவரை அனுப்பிவைத்தேன்.